டூப்ளிகேட் பிரிட்ஜின் புள்ளிக்கணக்கு: ரப்பர் ஆடிப் பழகியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இத்தனை வருஷமாகக் கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே என்று எழுதிப் பழகிவிட்டேன். டூப்ளிகேட்டில் அந்தக் கோடு எங்கே போயிற்று?

கோடு தேவைப்படுவதற்கான காரணமே டூப்ளிகேட்டில் இல்லை. ரப்பரில் ஒரு கையின் மிச்சம் அடுத்த கைக்குப் போகிறது. கோட்டுக்குக் கீழே 100 சேர்ந்தால் ஒரு கேம். இரண்டு கேம் எடுத்தால் ரப்பர் முடிந்து, எதிரணி ஒரு கேம்கூட எடுத்திராதபோது 700, ஒன்று எடுத்திருந்தால் 500 போனஸ் கிடைக்கும். ஆகவே எந்தப் புள்ளி கேமை நோக்கி நகர்கிறது, எது வெறும் கூடுதல் வரவு என்று பிரித்துக் காட்ட அங்கே கோடு வேண்டியிருந்தது.

டூப்ளிகேட்டில் ஒவ்வொரு கையும் தொடங்கிய இடத்திலேயே முடிந்து, அதற்கு உடனே ஒரே எண் எழுதப்படுகிறது. டிரிக்குகளின் விலை நீங்கள் அறிந்ததுதான்: கிளப், டைமண்டுக்கு 20, ஹார்ட், ஸ்பேடுக்கு 30, நோ டிரம்பில் முதல் டிரிக்குக்கு 40, பிறகு 30. ஏலத்தில் கேட்ட டிரிக்குகளின் விலை 100-ஐ எட்டினால், வல்னரபிள் இல்லாதபோது 300, வல்னரபிளாக இருந்தால் 500 சேரும். எட்டாவிட்டால் பார்ட்ஸ்கோருக்கு 50 மட்டும். வல்னரபிளாக இருந்து நாலு ஸ்பேடில் பத்து டிரிக் எடுத்தால் 120-உம் 500-உம் சேர்ந்து 620. ஸ்லாம் போனஸ்கள் ரப்பரில் உள்ளவையே.

அப்படியானால் 60 எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த கையில் 40 எடுத்துக் கேம் ஆக்குவது என்பதே கிடையாதா?

கிடையாது. ரப்பரில் கோட்டுக்குக் கீழே நிற்கும் 60-க்கு எழுதப்படாத ஒரு மதிப்பு உண்டு. அடுத்த கையில் ஒரு நோ டிரம்பே கேமாகிவிடும் என்பதால் எதிரணி தன் கைக்கு மீறி ஏலம் கேட்கத் துணியும். டூப்ளிகேட்டின் 50 அந்த எழுதப்படாத மதிப்புக்கு ரொக்கமாகக் கொடுக்கப்படும் ஈடு. 300-உம் 500-உம் அப்படித்தான், ரப்பர் முடியும்போது கிடைக்கும் பெரிய போனஸைக் கைக்குக் கை பிரித்துக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

இதனால் ஏலத்தில் ஒரு பழக்கத்தை விட வேண்டியிருக்கும். முந்தைய கையில் என்ன நடந்தது என்பது இந்தக் கையின் ஏலத்தை எவ்விதத்திலும் மாற்றக் கூடாது. ரப்பரில் முப்பது ஆண்டு ஆடியவர்கள்கூடப் புதிய போர்டை எடுத்தவுடன் «இப்போது நிலவரம் என்ன?» என்று பார்ட்னரைக் கேட்பதை எங்கள் மேசைகளில் பார்த்திருக்கிறேன். நிலவரம் போர்டின்மேல் எழுதியிருப்பது மட்டுமே.

ஒரு கேம் ஜெயித்தால்தானே வல்னரபிள்? ஒன்றுமே ஜெயிக்காமல் போர்டில் சிவப்பாகப் போட்டிருக்கிறதே?

ஒரே கையைப் பல மேசைகளில் ஆடி ஒப்பிட வேண்டுமானால் எல்லா மேசையிலும் நிபந்தனை ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் வல்னரபிளிட்டி போர்டின் எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது: முதல் போர்டில் யாரும் இல்லை, இரண்டாவதில் வடக்கு-தெற்கு, மூன்றாவதில் கிழக்கு-மேற்கு, நான்காவதில் இரு அணிகளும். அதன் பிறகு வரிசை சற்று நகர்ந்து, 16 போர்டுகளில் ஒரு சுற்று முடியும். யார் டீலர் என்பதும் அப்படியே எண்ணைப் பொறுத்தது.

வல்னரபிள் என்ற ஏற்பாடு ரப்பருக்காகவே பிறந்தது. 1925-இல் ஹரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர் பனாமா கால்வாய் வழியாகச் சென்ற கப்பல் பயணத்தில் கான்ட்ராக்ட் பிரிட்ஜின் புள்ளிமுறையை வகுத்தபோது, கேம் எடுத்த அணிக்கு ஆபத்தைக் கூட்டுவதற்காக அதைச் சேர்த்தார். டூப்ளிகேட் அதன் காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது.

துருப்பில் ஏஸிலிருந்து பத்து வரை ஐந்தும் என் கையில் இருந்தது. 150 ஏன் எழுதவில்லை?

ஹானர்ஸ் புள்ளி டூப்ளிகேட்டில் இல்லை. அந்த ஐந்து சீட்டும் வேறு மேசைகளில் அதே இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கும் வந்திருக்கும். வந்த சீட்டுக்குப் பரிசு கொடுப்பதற்கு இங்கே பொருளில்லை.

சரி, 620 என்று எழுதியாயிற்று. அது எப்படி 8 ஆகவும் 14 ஆகவும் மாறுகிறது?

மேட்ச்பாயிண்ட் முறையில் உங்கள் எண் வடக்கு-தெற்காக அதே போர்டை ஆடிய மற்ற ஜோடிகளின் எண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிடப்படுகிறது. நீங்கள் முந்திய ஒவ்வொரு ஜோடிக்கும் 2, சமமான ஒவ்வொன்றுக்கும் 1, பிந்தினால் 0. சில நாடுகளில் இதையே 1, அரை, 0 என்று எழுதுவார்கள், வரிசை மாறாது. எட்டு மேசைகள் இருந்தால் ஒப்பிட ஏழு ஜோடிகள் இருப்பார்கள். ஆகவே உச்சம் 14. உங்கள் மேசையில் எதிரே உட்கார்ந்த கிழக்கு-மேற்கு ஜோடிக்கு 14-இல் உங்களுடையது போக மீதி.

நான்காவது போர்டை எடுத்துக்கொள்வோம். இரு அணிகளும் வல்னரபிள், எட்டு மேசைகளிலும் வடக்கு-தெற்கு ஜோடியே ஆடியது.

| ஆடியது | புள்ளி | மேசைகள் | மேட்ச்பாயிண்ட் |
|---|---|---|---|
| நாலு ஸ்பேட், 11 டிரிக் | 650 | 1 | 14 |
| மூன்று நோ டிரம்ப், 10 டிரிக் | 630 | 1 | 12 |
| நாலு ஸ்பேட், 10 டிரிக் | 620 | 3 | 8 |
| மூன்று நோ டிரம்ப், 9 டிரிக். ஐந்து டைமண்ட், 11 டிரிக் | 600 | 2 | 3 |
| நாலு ஸ்பேட், 9 டிரிக் | −100 | 1 | 0 |

620 எடுத்த மூவரில் ஒருவராக உங்களை வைத்துப் பாருங்கள். 600 எடுத்த இருவரையும், ஒன்று டவுன் ஆனவரையும் முந்தியதற்கு 6, உங்களோடு சமமாக நிற்கும் இருவருக்காக 2, ஆக 8. கணக்கு சரிதானா என்று பார்க்க எல்லா மேசைகளின் மேட்ச்பாயிண்டையும் கூட்டுங்கள்: 14, 12, மூன்று 8, இரண்டு 3, 0 என்று 56 வரும். எட்டு மேசைகளுக்குச் சராசரி 7 என்பதால் கூட்டுத்தொகை எப்போதும் 56-ஆகவே இருக்க வேண்டும்.

காண்ட்ராக்டைக் கோட்டை விட்டவருக்கும் எனக்கும் 3 தான் வித்தியாசம், 30 புள்ளி கூட எடுத்தவர் என்னைவிட 9 மேலே. இது என்ன நியாயம்?

மேலே உள்ள அட்டவணையில் மூன்று நோ டிரம்பில் ஒன்பது டிரிக் எடுத்தவர் கேட்கும் கேள்வி இது. அவர் சொல்லும் எண்கள் சரியானவை. அவருக்கும் டவுன் ஆனவருக்கும் இடையே 700 புள்ளி. மேட்ச்பாயிண்டில் அது 3. அதே காண்ட்ராக்டில் ஒரு டிரிக் கூடுதலாக எடுத்தவருக்கும் இவருக்கும் இடையே வெறும் 30 புள்ளி. மேட்ச்பாயிண்டில் அது 9.

நியாயமா என்பதைவிட, இந்த முறை எதை அளக்கிறது என்று பார்ப்பதே பயன்படும். மொத்தப் புள்ளிக் கணக்கு «எவ்வளவு?» என்று கேட்கிறது, மேட்ச்பாயிண்ட் «எத்தனை பேரை?» என்று மட்டும் கேட்கிறது. 10 புள்ளியில் முந்தினாலும் 1,000 புள்ளியில் முந்தினாலும் ஒரு ஜோடியை முந்தியதற்கு 2 தான். இதனால் எந்தப் போர்டும் மற்றப் போர்டுகளை விழுங்கிவிட முடியாது. ரப்பரில் ஒரு ஸ்லாம் ஒரு மாலை முழுவதையும் தீர்மானித்துவிடுவதுபோல் இங்கே நடக்காது. அதற்கு விலையாக, ரப்பரில் குப்பை என்று ஒதுக்கிய 10, 20, 30 எல்லாம் இங்கே முழு எடையோடு வந்து நிற்கின்றன. அந்தப் பேரம் எனக்குப் பிடிக்கும். பிடிக்காதவர்கள் கடைசியில் சொல்லும் அணிப்போட்டிக் கணக்கைப் பார்க்கலாம்.

ஓவர்டிரிக்குக்காகக் கையில் இருக்கும் காண்ட்ராக்டையே பணயம் வைக்கச் சொல்கிறீர்களா?

சில கைகளில், ஆம். வல்னரபிளாக மூன்று நோ டிரம்ப் ஆடுகிறீர்கள். மற்ற மூன்று நிறங்களிலும் சேர்த்து ஐந்து டிரிக் நிச்சயம். அவற்றுக்கான உயர் சீட்டுகள் எல்லாம் உங்கள் கையில் இருக்கின்றன. டம்மியில் கிளப்பில் ஏஸ், கிங், குயினோடு இரண்டு சிறு சீட்டு. உங்கள் கையில் மூன்று சிறு சீட்டு. டம்மிக்குப் போக கிளப்பைத் தவிர வேறு வழி இல்லை. காண்ட்ராக்டுக்குக் கிளப்பில் நான்கு டிரிக் வேண்டும்.

எதிரணியிடம் ஐந்து கிளப். அவை 3-2 ஆகப் பிரிய வாய்ப்பு 68 சதவீதம், 4-1 ஆக 28, 5-0 ஆக 4. ரப்பர் ஆட்டக்காரர் யோசிக்காமல் முதல் சுற்றில் சிறு சீட்டைப் போட்டு ஒரு டிரிக்கை விட்டுக்கொடுப்பார். பிறகு 4-1 ஆக இருந்தாலும் ஏஸ், கிங், குயினில் எதிரணியின் சீட்டு தீர்ந்து, ஐந்தாவது சீட்டும் பிடிக்கும். ஒன்பது டிரிக் முடிந்தது. தொடக்கத்திலிருந்தே உயர் சீட்டுகளை ஆடினால் 3-2-இல் ஐந்து கிளப்பும் கிடைத்துப் பத்து டிரிக். 4-1-இல் மூன்றே கிடைத்து ஒன்று டவுன். மொத்தப் புள்ளியில் கணக்கிட்டால் 68 சதவீத நேரம் 30 லாபம், 28 சதவீத நேரம் 700 நஷ்டம்; சராசரியில் 20 வரவு, 196 செலவு. அங்கே பேச்சுக்கே இடமில்லை.

மேட்ச்பாயிண்டில் எல்லா மேசைகளும் இதே மூன்று நோ டிரம்பில் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் சுற்றை விட்டுக்கொடுத்த மேசையோடு ஒப்பிட்டால், உயர் சீட்டை ஆடியவர் 68 சதவீதம் முந்துகிறார், 28 சதவீதம் பிந்துகிறார். முந்தும் தூரமும் பிந்தும் தூரமும் கணக்கில் இல்லை. ஆகவே இங்கே பாதுகாப்பாக ஆடுவதுதான் தவறு.

கைக்குத் திரும்ப வழி இருக்கும்போது இதை இன்னும் சற்று மெருகேற்றலாம். கையிலிருந்து கிளப் ஆடி ஏஸில் பிடியுங்கள். வேறு நிறத்தில் கைக்கு வந்து இரண்டாவது முறை டம்மியை நோக்கிக் கிளப் ஆடுங்கள். இடப்பக்கத்து எதிராளியிடம் அப்போது கிளப் இல்லாவிட்டால், 4-1 என்பது உங்கள் முறை வருமுன்பே தெரிந்துவிடும்; அந்தச் சுற்றை விட்டுக்கொடுத்து ஒன்பதோடு தப்பலாம். ஒற்றைக் கிளப் வலப்பக்கத்தில் இருந்தால் மட்டுமே டவுன், அதாவது 28-இல் பாதி. இப்படிக் கண்ணைத் திறந்துகொண்டு பணயம் வைப்பதற்கும் குருட்டுத் துணிச்சலுக்கும் வித்தியாசம் உண்டு.

அப்படியானால் மேட்ச்பாயிண்டில் எப்போதும் ஓவர்டிரிக்கைத் துரத்த வேண்டியதுதானா?

முந்தைய பதிலில் «எல்லா மேசைகளும் இதே காண்ட்ராக்டில்» என்று ஒரு நிபந்தனை இருந்ததைக் கவனியுங்கள். டம்மி விரிந்தவுடன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி அதுதான்: மற்றவர்கள் எங்கே இருப்பார்கள்?

எளிதில் எட்ட முடியாத ஒரு ஸ்லாமில் நீங்கள் இருக்கிறீர்கள், மற்றவர்கள் கேமில் நின்றிருப்பார்கள் என்று தோன்றினால், காண்ட்ராக்டை முடித்தாலே ஏறத்தாழ எல்லோரையும் முந்திவிடுவீர்கள்; ஓவர்டிரிக்கால் முந்துவதற்கு ஆளே மிச்சமில்லை. எதிரணி டபுள் சொன்ன காண்ட்ராக்டும் அப்படியே. எதிரணியின் முதல் லீடே உங்களுக்கு ஒரு டிரிக்கைப் பரிசளித்திருந்தாலும் நீங்கள் முன்னே இருக்கிறீர்கள். அங்கெல்லாம் ரப்பரில் ஆடுவது போலவே ஆடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மற்றவர்கள் நாலு ஸ்பேடில் 620 எடுப்பார்கள், நீங்கள் மட்டும் மூன்று நோ டிரம்பில் மாட்டிக்கொண்டீர்கள் என்றால், ஒன்பது டிரிக்கில் கிடைக்கும் 600 கிட்டத்தட்ட பூஜ்யம்தான். பத்தாவது டிரிக்குக்காக டவுன் ஆனாலும் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

டைமண்டில் பதினொன்று நிச்சயமாக இருக்கும்போது மூன்று நோ டிரம்ப் ஏன் கேட்கச் சொல்கிறார்கள்?

அட்டவணையில் ஐந்து டைமண்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: 600, மேட்ச்பாயிண்டில் 3. நோ டிரம்பில் பத்து டிரிக் கிடைத்தால் 630. டைமண்டில் பன்னிரண்டு எடுத்தாலும் 620 தான். ரப்பரில் இரண்டுமே ஒரு கேம், ஆகவே பாதுகாப்பானதைத் தேர்ந்தெடுப்பதே அறிவு. மேட்ச்பாயிண்டில் சற்று ஆட்டம் காணும் நோ டிரம்ப், உறுதியான ஐந்து டைமண்டைவிட நல்லதாக இருப்பதே வழக்கம். ஒரு நிறத்தில் தடுப்பே இல்லாமல் எதிரணி ஐந்து டிரிக்கை உருவிவிடும் என்று ஏலத்திலேயே தெரிந்தால் மட்டும் டைமண்டுக்குப் போங்கள்.

எதிரணி இரண்டு ஸ்பேடில் நின்றுவிட்டது. எங்களுக்கு மூன்று ஹார்ட் ஒன்று டவுன் ஆகும். தெரிந்தே ஏன் தோற்க வேண்டும்?

விட்டுவிட்டால் அவர்களுக்கு எட்டு டிரிக்கில் 110. நீங்கள் மூன்று ஹார்ட் கேட்டு ஒன்று டவுன் ஆனால், வல்னரபிள் இல்லாதபோது இழப்பு 50. இரண்டு டவுன் ஆனாலும் 100. இரண்டுமே 110-ஐவிடக் குறைவு. அந்த 10 புள்ளி, இரண்டு ஸ்பேடை விட்டுவிட்ட ஒவ்வொரு ஜோடிக்கும் மேலே உங்களை ஏற்றிவிடும். பல நேரம் எதிரணி மூன்று ஸ்பேடுக்கு ஏறி அங்கே விழவும் செய்யும்.

வல்னரபிளாக இருக்கும்போது இங்கே ஒரு கிணறு இருக்கிறது. டபுள் இல்லாமல் இரண்டு டவுன் ஆனாலும், டபுளோடு ஒன்று டவுன் ஆனாலும் இழப்பு 200. வெறும் பார்ட்ஸ்கோர் கையில் மற்ற மேசைகளின் எதிரணிக்கு 110-உம் 140-உமே வந்திருக்கும். 200 கொடுத்தவர் எல்லோருக்கும் கீழே போய்விடுவார்.

எதிரணி மூன்று டைமண்ட், வல்னரபிள். ஒரு டிரிக்தான் தோற்கும்போல் இருக்கிறது. அதற்குப் போய் டபுளா? ஜெயித்துவிட்டால்?

ரப்பரில் இந்த டபுளைச் சொன்னால் பார்ட்னர் உங்களோடு பேச மாட்டார். டபுளில் மூன்று டைமண்ட் 60-க்குப் பதிலாக 120 ஆகி, அவர்களுக்கு ஒரு கேமையே கையில் கொடுத்துவிடும். டூப்ளிகேட்டில் அது 670.

ஆனால் அவர்கள் குறுக்கே வந்திராவிட்டால் இரண்டு ஹார்ட் ஆடி 110 அல்லது 140 எடுத்திருப்பீர்கள் என்று வையுங்கள். டபுள் இல்லாமல் ஒன்று டவுன் ஆக்கினால் உங்களுக்கு 100. ஹார்ட் ஆடிய ஜோடிகள் எல்லோரும் உங்களை முந்துவார்கள். டபுள் சொன்னால் 200. நீங்கள் எல்லோரையும் முந்துவீர்கள். அவர்கள் ஜெயித்துவிட்டால் டபுள் இல்லாமலும் உங்கள் எண் −110, ஏற்கெனவே அடிமட்டம். −670 அதற்கு மேல் எவ்வளவு தாழ்த்திவிட முடியும்? ஆகவே டவுன் ஆகும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்று தோன்றினால் டபுள் சரி.

அந்தக் கை உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. உங்களுக்கு எந்தக் காண்ட்ராக்டும் கிடைத்திராத கையில் 100 என்பதே நல்ல வரவு. அதை டபுள் செய்து ஆபத்தில் போட வேண்டாம்.

கேம் கிடைக்குமா கிடைக்காதா என்று ஊசலாடும்போது ரப்பரில் கேட்டுவிடுவோம். இங்கே?

ஹார்ட் கையை எடுத்துக்கொள்ளுங்கள், வல்னரபிள். பத்து டிரிக் வந்தால் நாலு கேட்டவருக்கு 620, மூன்றில் நின்றவருக்கு 170, லாபம் 450. ஒன்பதே வந்தால் −100-க்கும் 140-க்கும் இடையே 240 நஷ்டம். புள்ளியை மொத்தமாக எண்ணினால் 35 சதவீத வாய்ப்பே போதும். மேட்ச்பாயிண்டில் 450-உம் 240-உம் மறைந்துபோய், பாதிக்குப் பாதி இருந்தால்தான் கேட்கலாம் என்றாகிவிடுகிறது. 40 சதவீதக் கேமை ரப்பரில் கேட்காவிட்டால் தவறு, இங்கே கேட்டால் தவறு.

எங்கள் அணிப்போட்டியில் ஓவர்டிரிக்கை யாரும் மதிக்கவில்லையே. அதுவும் டூப்ளிகேட்தானே?

டூப்ளிகேட்தான், ஆனால் அங்கே ஐஎம்பி என்ற வேறு அளவுகோல். இரண்டு மேசைகளின் வித்தியாசத்தை ஓர் அட்டவணைப்படி சுருக்குவார்கள்: 30 புள்ளிக்கு 1, 450-க்கு 10, 700-க்கு 12. பெரிய வித்தியாசம் சுருங்குகிறதே தவிர மறைவதில்லை. ஆகவே மேலே சொன்ன கிளப் கையில் அணிப்போட்டியில் முதல் சுற்றை விட்டுக்கொடுத்துவிடுங்கள். 1-க்காக 12-ஐப் பணயம் வைப்பது அங்கே பைத்தியக்காரத்தனம். வல்னரபிள் கேமுக்கும் 10 லாபம், 6 நஷ்டம் என்ற கணக்கில் 38 சதவீதம் போதும். ரப்பரில் வந்த உள்ளுணர்வு பெரும்பாலும் இங்கே செல்லும்.

தடுத்து ஆடும்போது காண்ட்ராக்டைக் கவிழ்க்க ஒரே ஒரு வழி இருந்தது, முயன்றேன், ஒரு ஓவர்டிரிக் போயிற்று. பார்ட்னர் ஏன் முறைக்கிறார்?

ரப்பரில் அவர் முறைத்திருக்க மாட்டார். 30 புள்ளியைக் கொடுத்து 700-ஐ எட்டிப் பார்ப்பது அங்கே கடமை. மேட்ச்பாயிண்டில் தடுக்கும் அணிக்கும் ஆறாவது பதிலில் சொன்னதே பொருந்தும். எல்லா மேசைகளிலும் நாலு ஸ்பேடில் பத்து டிரிக் என்றால், 650 கொடுத்த நீங்கள் தனியாக அடியில் நிற்பீர்கள். பார்ட்னரிடம் டைமண்ட் கிங்கும் ஜாக்கும் சேர்ந்தே இருந்தால்தான் காண்ட்ராக்ட் கவிழும் என்பது போன்ற முயற்சி, நான்கில் ஒரு முறை பலித்து மூன்று முறை ஒரு டிரிக்கைக் கொடுக்கும் என்றால், அதை விட்டுவிட்டு உங்கள் ஏஸைப் பிடித்துக்கொள்வதே சரி.

ஆனால் எதிரணி அரிதான, நல்ல காண்ட்ராக்டை எட்டியிருந்தால் கதை வேறு. யாரும் கேட்காத ஸ்லாம் ஒன்று உங்கள் மேசையில் ஆடப்படுகிறது. அது நிறைவேறினாலே உங்களுக்குப் பூஜ்யம். அங்கே பத்தில் ஒரு வழி இருந்தாலும் முயன்றே பாருங்கள். கொடுக்கும் ஓவர்டிரிக்கால் பூஜ்யம் அதற்குக் கீழே இறங்காது. உங்கள் பார்ட்னர் முறைத்தது எந்த வகைக் கைக்கு என்று போர்டின் மற்ற எண்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.